தாசில்தார் இன்னும் பிறக்கவில்லை

ஓய்வு பெற்றவர்களில் சுயசரிதை எழுதுகிறவர் ஒரு தனி ரகம். மாதிரிக்கு ஒரு தாசில்தாரை எடுத்துக்கொள்வோம். புத்தகத்துக்குப் பெயர் எப்போதோ முடிவாகிவிட்டது: ‘நான் கடந்து வந்த பாதை’. அட்டைக்கு, பணி நிறைவு விழாவில் மாலையோடு எடுத்த படம். அணிந்துரைக்கு ஒரு முன்னாள் நீதிபதியிடம் சொல்லி வைத்தாயிற்று. வெளியீட்டு விழாவில் யாருக்கு முதலில் பொன்னாடை போர்த்துவது என்பதில் மட்டும் வீட்டில் கொஞ்சம் கருத்து வேறுபாடு. கோடு போட்ட பெரிய நோட்டில் இரண்டு தீர்ந்து மூன்றாவது நடக்கிறது. நாலு மாதம் ஆகிவிட்டது. பாட்டனாரின் பாட்டனார் மாட்டுவண்டியில் வந்து குடியேறிய கதையும், ஊர்க் கோவிலின் தலபுராணமும், பங்காளி வழக்கில் கிடைத்த தீர்ப்பின் சாரமும் எழுதி முடித்தாயிற்று. கதாநாயகர்தான் இன்னும் பிறக்கவில்லை.

இவருக்கு நேரம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. காலை காபி முடிந்தால் மதியச் சாப்பாடு வரை நாள் அவருடையது. கோளாறே அதுதான் என்பது என் கட்சி. முழுக் காலையும் கையில் இருந்தால் தலபுராணத்துக்கும் இடம் வந்துவிடும். நேற்று எழுதியதைத் திருத்தவும் நேரம் இருக்கும். திருத்தி முடிக்கையில் பத்திரிகைக்காரப் பையன் வந்துவிடுவான். அவருக்கு ஒரு நாளைக்கு இருபது நிமிடம்தான் என்று கடிகாரத்தை வைத்துக் கட்டிப்போட வேண்டும். ஆண்டனி டிரோலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதியவர். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தை என்று தன்னிடமே வேலை வாங்கினார். அதைத் தன் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியும் வைத்தார். அவர் விடியற்காலையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தவர், நம்மவரோடு ஒப்பிட முடியாது என்பது சரிதான். அதனால் தாசில்தாருக்கு ஏறக்குறைய பாதி வேகம் போடுவோம்: இருபது நிமிடத்துக்கு 180 வார்த்தை. இருநூறு நாளில் 36,000 ஆகும். டெமி அளவில் அச்சடித்தால் ஏறக்குறைய 160 பக்கம். உறவினர் ஒருவர் கடைசிவரை படிக்கக்கூடிய கனம் அதுதான்.

இருபது நிமிடத்தின் அருமை கணக்கில் மட்டும் இல்லை. அதற்குள் பரம்பரை அடங்காது, ஒரு சம்பவத்தின் ஒரு துண்டுதான் அடங்கும். தாசில்தாரின் நோட்டில் பின்னால் ஒரு குறிப்பு இருக்கிறது: ‘1977 நவம்பர் புயலின்போது நாகப்பட்டினம் பகுதியில் நிவாரணப் பணியில் சிறப்பாகச் செயல்பட்டு மேலதிகாரிகளின் பாராட்டைப் பெற்றேன்.’ இடமாற்ற உத்தரவின் எண், நாள், பார்வை ஆகியவற்றுக்கு அரைப்பக்கம் கொடுத்த மனிதர், புயலுக்குக் கொடுத்தது ஒரே வரி. இதை நாலு அமர்வாகப் பிரித்துப் பார்க்கலாம். முதல் நாள், இளநிலை உதவியாளராக அந்த ஊருக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தார், சாலையில் எத்தனை மரம் கிடந்தது. இரண்டாம் நாள், கர்ணம் கொண்டுவந்த கணக்கு நனைந்து மை ஊறி, யார் வீடு யார் பெயரில் என்று தெரியாமல் போனது. மூன்றாம் நாள், பள்ளிக்கூடத் திண்ணையில் அரிசி அளக்கும்போது பட்டியலில் பெயர் இல்லாத ஒரு கிழவி வந்து நின்றது. விதிப்படி கொடுக்கக் கூடாது, இவர் என்ன செய்தார் என்பது. நாலாம் நாள், அதற்கு மேலதிகாரி கேட்ட விளக்கம். பாராட்டு என்று நோட்டில் இருப்பது உண்மையில் இந்த விளக்கம் கேட்டதுதான் என்று அந்த நாலாம் நாளில் அவருக்கே நினைவு வரலாம். பேரப்பிள்ளைகள் படிக்கப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.

ஆகவே வருடக் கணக்கு இப்படி. முதல் மாதம் முழுக்க வாக்கியமே எழுதக் கூடாது. தினமும் சம்பவங்களை ஒற்றை வரியில் குறித்துக்கொண்டே போக வேண்டும். எழுபது எண்பது சேரும், அதில் ஐம்பதை நிறுத்திக்கொள்ளலாம். இரண்டிலிருந்து எட்டாம் மாதம் வரை, சம்பவத்துக்கு நாலு அமர்வு என்று இருநூறு அமர்வு. காய்ச்சலுக்கும் கல்யாணங்களுக்கும் பத்து நாள் போல மிஞ்சும். இந்த ஏழு மாதமும் பின்னால் புரட்டித் திருத்தத் தடை. தொடர்ந்து மூன்று நாள் நேற்றைய பக்கத்தில் சிவப்பு மை விழுந்திருந்தால் ஆள் பழைய நோய்க்குத் திரும்பிவிட்டார் என்று அர்த்தம். சிவப்புப் பேனாவை வீட்டம்மா எடுத்து வைத்துவிடுவது நல்லது. ஐந்தாம் மாத முடிவில் நூறு அமர்வைத் தாண்டியிருக்க வேண்டும். எழுபதுதான் ஆகியிருக்கிறது என்றால் அமர்வை நீட்டுவதைவிட, ஐம்பதைச் சுமார் முப்பத்தைந்தாகக் குறைப்பதே வழி. ஒன்பதாம் மாதம் வெறும் வாசிப்பு, ஓரத்தில் பென்சில் கோடு, எது முதலில் எது பின்னால் என்ற வரிசை. பத்தும் பதினொன்றும் திருத்தத்துக்கு. ஆனால் அந்த அறுபது அமர்வில் ஐம்பதையும் திரும்ப எழுத முடியாது. மிக நோஞ்சானாக இருக்கும் பதினைந்தை மட்டும் புதிதாக எழுதலாம். டி.டி.பி. கடைக்கு மாதாமாதம் கொடுத்துக்கொண்டே வந்தால் பன்னிரண்டாம் மாதம் மெய்ப்புப் பார்க்க மிஞ்சும்.

தாசில்தார் சும்மா விடுவாரா? ‘சூடு பிடிக்கவே இருபது நிமிடம் ஆகுமே சார்’ என்பார். எதை எழுதலாம் என்று யோசிப்பவருக்கு ஆகும். எழுந்திருக்கும்போது அடுத்த வாக்கியத்தின் முதல் பாதியை எழுதி அப்படியே விட்டுவிட்டால், மறுநாள் மீதிப் பாதிக்கு யோசனை தேவையில்லை. அடுத்து அவர் எடுக்கும் ஆயுதம் கனமானது: ‘உ.வே.சா.வே உத்தமதானபுரத்தில்தானே ஆரம்பித்தார்?’ ஆரம்பித்தார். ஆனால் ‘என் சரித்திரம்’ 1940 ஜனவரியிலிருந்து ஆனந்த விகடனில் வாரத் தொடராக வந்தது. வாரம் தவறாமல் பக்கத்துக்குக் காத்திருக்கும் பத்திரிகை ஒன்று அவர் முன் நின்றது. காந்தியின் சத்திய சோதனையும் நவஜீவனில் வாராவாரம் வந்ததுதான். தாசில்தாரின் வாசலில் எந்தப் பத்திரிகையும் நிற்கவில்லை, அந்த வேலையைக் கடிகாரம்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று: அத்தனை ஒழுங்காக எழுதியும், 1942 ஏப்ரலில் ஐயர் காலமானபோது 122 அத்தியாயங்களோடு தொடர் நின்றது, கதை சுமார் 1900 வரைதான் வந்திருந்தது. கடைசி நாற்பது வருடத்தை அவர் சொல்லி நாம் கேட்கவில்லை. பிறப்பிலிருந்து வரிசையாக எழுதுவதில் உள்ள ஆபத்து இதுதான்: எந்த நாளில் நின்றாலும் பிற்பகுதிதான் போகும். ஐம்பது சம்பவங்களை மனம் எதற்குத் துடிக்கிறதோ அந்த வரிசையில் எழுதினால், முப்பதில் நின்றாலும் முக்கியமானவை கைக்கு வந்திருக்கும். காலவரிசைக்குத்தான் ஒன்பதாம் மாதம் இருக்கிறதே.

நியாயமான ஆட்சேபம் ஒன்றுதான். துண்டு துண்டாக எழுதினால் ஒட்டுத் தெரியும். ஒரே மாமா இரண்டு இடத்தில் இரண்டு வயதில் சாவார். உண்மை. அதற்காகத்தான் ஒன்பதாம் மாதத்தில் பெயர்களையும் வருடங்களையும் தனித்தாளில் எழுதிக்கொண்டு வாசிக்கச் சொல்வது. பன்னிரண்டாம் மாதம் மெய்ப்பு வந்ததும் மைத்துனர் ஒருவர் வந்து, தன்னைப் பற்றிய பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படிப்பார். வருடம் தப்பு, ஊர் தப்பு என்று அவர் சொல்வதைத் திருத்திக்கொள்ளலாம். தான் அப்படிப்பட்டவன் இல்லை என்று அவர் சொல்வதை ஓரத்தில்கூடக் குறிக்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு இருபது நிமிடம் என்று அவரும் ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளட்டும்.