ஒரு பட்டன்தானே, சார்?

"அப்படியே தளத்துல பணம் கட்ட ஒரு பட்டன் மட்டும் வச்சிடுங்க" என்று நேற்றிரவு வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தீர்கள். பட்டன் இலவசம், வேண்டுமானால் இரண்டாகவே வைக்கிறேன். அதை அழுத்திய பிறகு நடப்பதற்குத்தான் காசு.

வாடிக்கையாளரிடம் பணம் பிடித்துவிட்டு, நம் பக்கம் ஆர்டர் ஏறாமல் நின்றால், பேமென்ட் கேட்வேயிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ரத்து செய்தால் பணத்தைத் திருப்ப வேண்டும். பதற்றத்தில் இருமுறை அழுத்தினாலும் ஒருமுறைதான் பிடிக்க வேண்டும். நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருப்பதோ இனிப்புப் பட்டியலும் விசாரணைப் படிவமும் மட்டுமே.

ஆகவே கூடுதலாக 8 வேலைநாள், 40,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. தளம் திறக்கும் தேதியும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். சம்மதமென்றால் மின்னஞ்சலில் ஒரு வரி எழுதுங்கள். வாட்ஸ்அப் கட்டைவிரல் கணக்கில் வராது.