காய்ச்சலுக்கு முன் அனுமதி

திருப்பூரில் ஆர்டர் இல்லாத வாரம் கம்பெனி சொல்லாமல்கொள்ளாமல் லீவு விடும். காய்ச்சல் கண்ட டெய்லர் மட்டும் முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்க வேண்டுமாம், விளக்கம் கேட்டு நோட்டீஸ் வருகிறது. பதிலில் 'இனி இப்படி நடக்காது' என்று கெஞ்சினால் அதையே குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்வார்கள். வராதது வேறு, வேண்டுமென்றே வராதது வேறு. அரசு ஊழியர் கிருஷ்ணகாந்த் பர்மாரின் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். ஆகவே தேதிகளை எழுதி, இஎஸ்ஐ டாக்டரின் சான்று நகலை இணைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு போன் பண்ணக்கூடாதா என்பார்கள். நியாயம்தான், சூப்பர்வைசரை அழைத்த நாளும் நேரமும் போனிலேயே இருக்கும், அதையும் எழுதலாம். எட்டு நாள் வராவிட்டால் வேலை தானாகப் போய்விடும் என்பார் மேனேஜர். விசாரிக்காமல் அப்படிப் போகாது என்று 1993-இலேயே டி.கே. யாதவ் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. நோட்டீஸ் டைப் அடித்தவருக்கு இன்னும் சேதி எட்டவில்லை போலிருக்கிறது.