மாஸ்டர் போட்ட அரைப்பேர்

பசறையில் ஒரு கல்யாணம், அதைத் தொட்டு அடைமழை, மழை விட்ட பிறகு கலப்படமில்லாத சோம்பல். இப்படியாக என் ஓட்டப் பயிற்சி இரண்டு வாரம் படுத்துவிட்டது. ஹாலிஎலயில் எனக்குப் பயிற்சி தரும் ஓய்வுபெற்ற விளையாட்டு மாஸ்டருக்கு மன்னிப்பு மனு எழுதினேன். நாளையிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் ஓடுவேன், இரவுச் சோற்றை விடுவேன், ஞாயிறு துன்ஹிந்தவுக்குப் போய்த் திரும்புவேன் என்றெல்லாம். வாசித்த வீட்டுக்காரி, "இன்ஷூரன்ஸ் காசு கட்டியாச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

மாஸ்டரின் பதில் வந்தது.

"ஐயா, மன்னிப்பெல்லாம் எதுக்கு? விட்ட நாள் போனதுதான், அதைப் பாக்கி வச்சுக் கட்ட வேணாம். முன்னமாதிரியே வாரம் மூணு நாள் வாங்க. முப்பது நிமிஷத்துக்குப் பதிலா பதினைஞ்சு. மலைக்காட்டுல அரைப்பேர் போடுவாங்களே, அப்படி. அடுத்த வாரம் இருபத்தி ரெண்டு, மூணாவது வாரம் முழுப்பேர். இரவுச் சோத்தை விடாதீங்க."

என் தாத்தா கொழுந்து நிறை குறைந்த நாளில் அரைப்பேர் வாங்கிக்கொண்டு முகம் தொங்கி வருவாராம். பேரனுக்கு அதையே மருந்தாக எழுதிக் கொடுக்கிறார்களே என்று ரோஷம் வந்தது. கால் ரெண்டும் நல்லாத்தானே இருக்கு என்று எதிர்வாதம் அனுப்பினேன்.

"அதுதான் ஆபத்து," என்றார். இரண்டு வாரத்தில் தசையின் பலம் பெரிதாகக் குறையாதாம். முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. அதனால் பழைய வேகத்துக்கே இதயம் கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கும். ஓய்வெடுத்த கால் 'போகலாம்' என்னும், நெஞ்சு வாங்கும். ஓடும்போது ஒரு முழு வசனம் பேச முடிகிறதா என்று பார்க்கச் சொன்னார். முடியாவிட்டால் நடை. பழகிய ஓட்டத்தை விட்டுத் திரும்பும்போது தசை வலி மறுநாளோ அதற்கடுத்த நாளோ உச்சத்துக்கு வந்து, பிறகு இறங்கும். இறங்காமல் ஏறினாலோ, சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனாலோ, ஓட்டத்தை மறந்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

கல்யாண வீட்டில் ஏறிய எடையைப் பற்றியும் அழுதிருந்தேன். உப்பும் சோறும் பிடித்துவைத்த தண்ணீரும் அதில் இருக்கும், அது சில நாளில் இறங்கும் என்றார். பட்டினி கிடந்து ஓடினால் தலைசுற்றி, மூன்றாம் நாள் ரோல்ஸ் கடையில்தான் ஓட்டம் முடியுமாம். என்னை எங்கே பார்த்தார் தெரியவில்லை.

பேசிக்கொண்டே பதினைந்து நிமிடம் ஓடினேன். பேச்சுத்துணை கிடைக்காததால் விலைவாசியைப் பற்றி எனக்கு நானே பேசினேன். வழியில் கொழுந்துக்குப் போன அக்காமார் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஒரு விஷயம் உங்களுக்கும் சேர்த்து. இந்த அரைப்பேர் கணக்கு கல்யாணத்துக்கும் மழைக்கும் சோம்பலுக்கும்தான். காய்ச்சலிலோ நெஞ்சுவலியிலோ படுத்து எழுந்தவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள், மாஸ்டரை அப்புறம்.