வெள்ளி விழாவும் வீட்டுத் தணிக்கையும்

அப்பா அம்மாவின் 25-ஆவது கல்யாண நாளுக்குப் பிள்ளைகள் பதிவு எழுதுவது சுலபம். யார் மானமும் போகாமல் எழுதுவதுதான் கஷ்டம்.

2001-இல் தாலி கட்டிய ஒரு ஜோடிக்கு, மகளும் மகனும் எழுதிய முதல் வரைவு ஒரு பக்கம் வந்தது. அப்பா அம்மாவுக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொடுத்த கதை இருந்தால் இரண்டு நாள் வீட்டில் பேச்சிருக்காது, எடுத்தார்கள். பந்தியில் சித்தப்பா கோபித்துக்கொண்டதை எழுதினால் மறுபடி கோபிப்பார், அதையும் எடுத்தார்கள். குறட்டை விஷயம் விவாதத்துக்கே வரவில்லை. மிஞ்சியது, ‘இல்லறத்தின் இமயமே, வாழ்க பல்லாண்டு!’ பேரை மாற்றினால் வட்டச் செயலாளர் பிறந்தநாள் போஸ்டருக்கும் ஆகும்.

பிறகு மகள் இப்படி எழுதினாள்: “அம்மாவுக்கு நைட் டியூட்டி என்றால் அப்பா தூங்க மாட்டார். கேட்டால் கிரிக்கெட் பார்க்கிறேன் என்பார். டிவி அணைந்திருக்கும். அப்பா ஊரில் இல்லாவிட்டால் அம்மா ரசத்தோடு சமையலை முடித்துவிடுவார்.” அவ்வளவுதான். வேறு எந்த ஜோடிக்கும் இதை ஒட்ட முடியாது.

அடுத்து படம். பழைய ஆல்பத்தை ட்யூப் லைட்டுக்கு அடியில் வைத்து எடுத்ததில், பிளாஸ்டிக் உறையின் பளபளப்பு மாப்பிள்ளை முகத்தையே விழுங்கிவிட்டது. ஜன்னலோரம் சாய்த்து, ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தபோது முகம் வந்தது.

பதிவைப் படித்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா கருத்துச் சொன்னது படத்தைப் பற்றி மட்டும்: “முடி நல்லா அடர்த்தியா இருந்திருக்கு.”