ஜிப்பாவின் ஜாதகம்

கைத்தறி ஜிப்பாக்களை இணையத்தில் விற்கப் புறப்பட்ட என் தங்கை மகள், அவற்றுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விவரணம் எழுதும் கைங்கரியத்தை, இலக்கணம் படித்த மாமா வீட்டில் சும்மா இருக்கிறார் என்ற ஒரே காரணத்தால் என் தலையில் கட்டினாள். வர்ணனை நாலு வரியில் முடிந்துவிட்டது. அதன் கீழே வரும் அளவுப் பட்டியலில்தான் விவகாரம் முழுவதும் குடியிருந்தது.

தையற்காரர் 40 என்று சொல்லும் ஜிப்பாவை டேப் வைத்து அளந்தால் மார்பு 44 அங்குலம் இருக்கும். மூச்சு விடவும், கையைத் தூக்கவும், பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்கவும் வேண்டிய அந்த 4 அங்குலத்துக்கு ‘லூஸ்’ என்று பெயர். தைத்துக் கொடுத்தவர்கள் அனுப்பிய ஆங்கிலப் பட்டியலில் 40-ம் சைஸுக்கு எதிரே மார்பு 44 என்று துணியின் அளவும், தமிழ்ப் பட்டியலில் மார்பு 40 என்று உடம்பின் அளவும் இருந்தன. இரண்டும் சத்தியமே, எது யாருடைய மார்பு என்பதை மட்டும் இரண்டுமே சொல்லவில்லை. ஆகவே 44 அங்குல மார்புடைய ஒரு பெரியவர், ஆங்கிலத்தை நம்பி 40-ம் சைஸை வரவழைத்து, பிரயாசைப்பட்டு உள்ளே நுழைந்துவிட்டார். வெளியே வரத்தான் அவருடைய மகன் ஒத்தாசை செய்ய வேண்டியிருந்ததாம்.

இரு பாஷைகளிலும் ‘உங்கள் மார்புச் சுற்றளவு’, ‘ஜிப்பாவின் மார்புச் சுற்றளவு’ என்று தனித்தனிக் கட்டங்கள் போட்டேன். டேப்பைக் கண்டதும் தொந்தியை உள்ளிழுத்து நெஞ்சை நிமிர்த்துவது புருஷ லட்சணம் ஆகையால், உடம்பை அளக்கவே வேண்டாம், நன்றாகப் பொருந்தும் பழைய ஜிப்பாவைத் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரட்டித்து, இரண்டாம் கட்டத்தோடு ஒப்பிடுங்கள் என்றும் சேர்த்தேன். பழைய ஜிப்பா பொய் சொல்லாது.

நீளத்தில் வேறு சங்கடம். முன்கூட்டி நனைக்காத பருத்தி முதல் சலவையிலேயே நூற்றுக்கு ஐந்து வரை சுருங்கக்கூடும்; 42 அங்குலம் 40-க்கு வந்து நிற்கும். “சுருங்கும் என்று எழுதினால் யார் மாமா வாங்குவார்கள்?” என்றாள். எழுதாவிட்டால் வாங்கியவர்கள் திருப்பி அனுப்புவார்கள், போகவர கூரியர் செலவு உன்னுடையது என்றேன். சலவைக்கு முன், சலவைக்குப் பின் என இரண்டு நீளங்கள் உடனே பட்டியலேறின.

பராமரிப்புக் குறிப்பில் ‘மென்மையாகக் கையால் துவைக்கவும்’ என்பது ஆங்கிலத்துக்குப் போதும். நம் வீடுகளில் கையால் துவைப்பதென்றால் இரவு முழுவதும் சோப்புத்தூளில் ஊறவைத்து, காலையில் கல்லில் ஓங்கி அடிப்பதும் அடக்கம். ஆகையால் தமிழில் மட்டும், ‘குளிர்ந்த நீரில் தனியாக அலசவும், ஊறவைக்க வேண்டாம், பிரஷ் போட வேண்டாம், உட்புறம் வெளியே வரத் திருப்பி நிழலில் காயப்போடவும், கல்லில் அடித்தால் பொத்தான்களுக்கு நாங்கள் ஜவாப்தாரிகள் அல்ல’ என்று எழுதிக் கொடுத்தேன்.