பனியனும் பாதரட்சையும்

கேள்வி: கால் பெருவிரலின் அடி மூட்டு புடைத்துக்கொண்டு நோகிறதென்று வைத்தியரிடம் காட்டினேன். "பனியன்" என்றார். மேலே போட்டுக்கொள்கிற பனியன் தெரியும். காலில் வருவது என்ன பனியன்? (பாகலூர் வாசகர்)

பதில்: திருப்பூரில் தயாராகிற பனியனுக்கும் உமக்கு வாய்த்திருக்கும் பனியனுக்கும் காதில் விழும் சப்தத்தைத் தவிர வேறு பந்துத்துவம் கிடையாது. பெருவிரல் அண்டை விரல்களின் பக்கம் சாயச் சாய, அதற்குப் பின்னாலுள்ள நீண்ட எலும்பு மற்றக் காலை நோக்கி விலகுகிறது. இரண்டும் சந்திக்கிற மூட்டு, வீட்டுத் திண்ணை தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருப்பது போல, முண்டாகத் துருத்தி நிற்கிறது. அதன்மேல் ஷூ ஓயாமல் உரசினால் தோலுக்கு அடியிலுள்ள சிறு நீர்ப்பை வீங்கிச் சிவக்கும். தக்க ஷூ இந்த நோவைத் தணிக்குமே தவிர, சாய்ந்த எலும்பை நிமிர்த்தாது. நேற்று வரை சும்மா இருந்த மூட்டு ஒரே இராத்திரியில் சிவந்து, சுட்டு, போர்வை பட்டாலே உயிர் போகிறதென்றால், அது யூரிக் அமிலத்தால் வரும் கௌட் வாதமாகவும் இருக்கலாம். அதற்கு ஷூக் கடைக்காரரிடம் மருந்தில்லை.

கேள்வி: சிப்காட்டில் லேத் ஓட்டுகிறேன். இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூ 8-ஆம் நம்பர் கொடுத்தார்கள், முண்டு நசுங்கியது. மாற்றி 9 வாங்கினேன். இப்போது குதிகால் கழல்கிறது, முண்டும் நோகிறது. 10 கேட்கலாமா? (ஓசூர் தொழிலாளி)

பதில்: தாராளமாகக் கேட்கலாம், பிறகு 11-ம் கேட்கலாம், அந்த மார்க்கத்திலேயே போனால், கால் ஓசூரிலும் ஷூவின் முனை கிருஷ்ணகிரியிலுமாக ஒருநாள் நிற்பீர். நாம் வழங்குகிற இங்கிலீஷ் நம்பரில் ஒன்று கூடினால், நீளத்தில் அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது எட்டரை மில்லிமீட்டர் கூடுகிறது. அடிப்பாகத்தின் அகலமோ ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான் கூடுகிறது.

எங்கள் தெருவில் உம்மைப் போலவே லேத் ஓட்டுகிறவர் ஒருவரை, ஷிப்டு முடிந்து கால் நன்றாக வீங்கியிருக்கிற சாயங்கால வேளையில், வெள்ளைத்தாளின் மேல் இரு காலிலும் சமமாகப் பாரம் போட்டு நிற்கச் சொல்லி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். முண்டுக்கு நேரே அகலம் 108 மில்லிமீட்டர். அவருடைய 8-ஆம் நம்பர் ஷூவிலிருந்து உள்ளட்டையை உருவி அளந்தால் 97. தோல்சுவர் அட்டையின் ஓரத்தைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே வளைந்து இடம் கொடுக்குமாதலால் மூன்று நான்கு மில்லிமீட்டரை மன்னித்துவிடலாம். மிச்சமுள்ள ஏழெட்டை நம்பர் ஏற்றியே சம்பாதிப்பதென்றால் 12-ஆம் நம்பருக்குப் போகவேண்டும், முன்னால் ஒரு கட்டைவிரல் நீளம் காலியாகக் கிடக்கும். அதோடு, ஒவ்வொரு நம்பர் ஏறும்போதும் ஷூவின் மிக அகலமான இடம் ஐந்தாறு மில்லிமீட்டர் முன்னே நகர்ந்துவிடுவதால், முண்டு பின்தங்கி, ஷூ ஒடுங்குகிற இடத்தில் போய் மாட்டிக்கொள்கிறது. குதிகால் கழன்ற பாதமோ அடிக்கு அடி முன்னே சறுக்கி இரும்பு மூக்கில் முட்டுகிறது. உமக்கு நேர்ந்திருப்பதும் இதுதான்.

ஆகவே நீளத்தை 8-லேயே வைத்துக்கொண்டு அகலத்தைக் கேளும். சில தயாரிப்பாளர்கள் சேஃப்டி ஷூவுக்கு 10, 11, 12 என்று அகல நம்பரும் தனியே போடுகிறார்கள். ஸ்டோரில் இருப்பவருக்கு அது தெரியாமலிருந்தால் அட்டவணையைப் புரட்டிப் பார்க்கச் சொல்லும். முனை கூராக இல்லாமல், பெருவிரல் பக்கத்து ஓரம் நேர்க்கோடாகப் போய் அகலமாக முடிய வேண்டும். வாங்குமுன் வெளியிலிருந்து கட்டைவிரலால் அழுத்தி, இரும்பு எங்கே முடிகிறதென்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, ஷூவைப் போட்டுக் குந்தி எழும். அந்தக் கோட்டுக்கும் முண்டுக்கும் இடையே ஒரு விரற்கடையாவது இல்லாவிட்டால், இரும்பின் பின்விளிம்பு ஒவ்வொரு குந்தலுக்கும் மூட்டைக் கிள்ளும். இவ்வளவுக்கும் மாட்டாத சிலர் ஷூவை முண்டுக்கு நேரே பிளேடால் கிழித்துவிடுகிறார்கள். 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும்படி சோதிக்கப்படுகிற பொருளில் அந்த வைத்தியம் வேண்டாம்.

கேள்வி: "மிருதுவான லெதர்" என்று சொன்னார்கள். தடவினால் வெண்ணெய், போட்டால் கல். ஏன்? (சூளகிரி வாசகர்)

பதில்: தோலுக்குப் பேர்போன ஆம்பூரையும் வாணியம்பாடியையும் அருகில் வைத்துக்கொண்டு ஏமாந்தீரே என்பதுதான் என் வருத்தம்! கையால் தடவும்போது தெரிகிற வழவழப்பு மேற்பூச்சின் குணம். முண்டுக்கு வேண்டியது இழுபடுகிற குணம். ஷூவின் உள்ளே கைவிட்டு, முண்டு வரக்கூடிய இடத்தில் கட்டைவிரலால் வெளியே தள்ளிப் பாரும். நல்ல மெல்லிய தோல் இணங்கிக் கொடுத்து, நாளடைவில் அந்த வடிவத்தையே ஏற்றுக்கொள்ளும். ரெக்ஸின் ஜாதியோ கைவிட்ட மறுகணம் பழைய இடத்துக்குத் திரும்பி, மாதம் ஆறானாலும் முண்டோடு மல்லுக்கு நிற்கும். முண்டுக்கு நேரே தையல் ஓடினால், தோல் எவ்வளவு உயர்ந்ததாயினும் வேண்டாம், தையல் இளகாது. பஞ்சு வைத்துத் தடித்த உள்துணி சுகமென்று தோன்றினாலும், அது குடியிருக்கிற இடமும் உம்முடைய பாதத்துக்கு உரிய இடமேயாகும். தோல் ஷூவிலிருந்து பின்னல் துணி ஷூவுக்குப் போக வேலை அனுமதிக்குமானால், அதைப்போல் இணங்குவது வேறில்லை.

வாங்கிவிட்டது தோல்தானென்றால் ஓர் உபாயம் உண்டு. காலுறையின் மேல், முண்டின் உச்சியில், சிறிது குங்குமம் தொட்டு வைத்து ஷூவைப் போட்டுக் கழற்றினால், உள்ளே எந்த இடம் குற்றவாளியென்று அடையாளம் விழும். செருப்புத் தைப்பவரிடம் ஒரு முனையில் குண்டும் மறுமுனையில் வளையமுமான இடுக்கி இருக்குமானால், அந்த இடத்தை நனைத்து ஓர் இராத்திரி பிடித்து வைக்கச் சொல்லும்; சில மில்லிமீட்டர் கிடைக்கும். இரும்பு மூக்கு இருக்கிற பகுதியில் இது பலிக்காது.

கேள்வி: கடைகளில் அகல ஷூவே வைப்பதில்லையே, நம் கால்தான் கோணலா? (கிருஷ்ணகிரி வாசகர்)

பதில்: கால் கோணலில்லை, அளவுகோல்தான் அந்நியம். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் 1,01,880 பேருடைய பாதங்களை அளந்து, ஐரோப்பியரைவிட நமக்குப் பாதம் அகலம் என்று கண்டு, "பா" என்று பாரதத்தின் பெயரால் தனி அளவுமுறை ஒன்றைப் பிரேரேபித்தது. வெண்பா, கலிப்பா வரிசையில் இது பாதப்பா. தளை தட்டினால் காலைக் கடிக்கும்.

கேள்வி: நான் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறேன். மூடின ஷூ கட்டாயம். முண்டைவிட மெட்டி போட்ட விரல்தான் அதிகம் நோகிறது. மெட்டியைக் கழற்ற வீட்டில் சம்மதமில்லை. (மத்திகிரி சகோதரி)

பதில்: முண்டு உள்ளவர்களுக்குப் பெருவிரல் சாய்ந்துபோய் இரண்டாம் விரலின்மேல் பாரத்தைப் போடுகிறது, அந்த இரண்டு விரலுக்கும் நடுவே வெள்ளி வளையம் ஒன்று எட்டு மணி நேரம் நெரிபட்டால், விரல் புண்ணாகாமல் என்ன செய்யும், அம்மா? ஷிப்டுக்குப் போகும்போது கழற்றிக் கைப்பையில் முடிந்துகொண்டு, வீடு திரும்பியதும் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை வியாதி இருந்தால் கழற்றுவதைப் பற்றி விவாதமே வேண்டாம். மரத்துப்போன காலுக்கு நோவு தெரியாதாகையால், தினமும் விரலிடுக்கைக் கண்ணால் பார்த்தே தீரவேண்டும். வெளியே போக, பெருவிரலுக்கு வளையம் வைத்த செருப்பும், வார் முண்டின்மேல் குறுக்கே ஓடுகிற செருப்பும் ஆகா. புறங்கால் மேட்டில் அகல வாரும் பின்னால் ஒரு பட்டியும் உள்ளதாக, ஆஸ்பத்திரிகளில் சர்க்கரைக்காரருக்குக் கொடுக்கிற எம்.சி.ஆர். ரப்பர் அட்டை போட்டதாகப் பாருங்கள். இவ்வளவு சொல்லியும் மாமியார் இணங்காவிட்டால், அவருடைய மெட்டியோடு உங்கள் ஷூவைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு ஷிப்டு நின்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது டீ வரும் முன்னே தீர்ப்பு வந்துவிடும்.