தகவலுக்காக மட்டும்

செக்ரட்டரி மேடம் மெயிலைத் தட்டிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட மாட்டார், 'நோட்டட்' என்று முதல் ஆளாக ஆஜராகிவிடுவார் சிசி சார். மெயில் அவருக்கு எழுதியதில்லை. லிஃப்ட் கம்பெனிக்கோ தண்ணீர் லாரிக்காரருக்கோ எழுதியது. இவர் பெயர் சிசியில் ஆறாவதோ ஏழாவதோ. ஆனால் கல்யாண வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள், எழுந்துபோய் மொய் எழுதாவிட்டால் எப்படி?

பிரேசர் டவுனில் இவர் இல்லாத அபார்ட்மெண்ட் அசோசியேஷன் கிடையாது. காலையில் கோல்ஸ் பார்க்கில் நடப்பார். சுற்றுக்கு ஒரு ரிப்ளை ஆல். வெறும் 'நோட்டட்' சாதாரண நாளுக்கு. மனசு குளிர்ந்திருந்தால் 'நோட்டட் வித் தேங்க்ஸ்'. பண்டிகை நாளென்றால் கூடவே கைகூப்பும் பொம்மை. அதைப் பார்த்துவிட்டு, தானும் சொல்லாவிட்டால் மரியாதைக்குறைவு என்று மூன்றாம் மாடிக்காரர் ஒரு 'நோட்டட்' போடுவார். அவரைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர். மத்தியானம் போனைத் திறந்தால் ஏழெட்டு பதில் வந்திருக்கும். கேள்வி கேட்கப்பட்ட லிஃப்ட் கம்பெனிக்காரர் மட்டும் வாய் திறந்திருக்க மாட்டார். ஒருமுறை முகவரியில் 'பிரேசர் டவுன்' என்றிருந்ததற்காக, இப்போது 'புலிகேசி நகர்' என்றுதான் எழுதவேண்டும் என எல்லா வீட்டுக்கும் திருத்தம் அனுப்பினார். அவர் வீட்டு வாசல் பலகையில் இன்றைக்கும் பிரேசர் டவுன்தான்.

இத்தனைக்கும் மனிதர் விவரம் தெரியாதவரில்லை. அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். அங்கே கடிதத்தின் அடியில் 'நகல்' என்று போட்டு இரண்டு விதமாக எழுதுவார்கள். ஒன்று 'தகவலுக்காக', அதைப் படித்துவிட்டுக் கோப்பில் கட்டிவைக்க வேண்டியதுதான். இன்னொன்று 'தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும்'. அதற்குத்தான் ஆள் அசையவேண்டும். சர்வீஸ் முழுக்க இந்த வித்தியாசத்தைக் கரைத்துக் குடித்தவர் சார். தகவலுக்காக வந்த நகலுக்கு அவர் பதில் எழுதியதாகச் சரித்திரமே கிடையாது. எழுதவேண்டுமென்றால் குறிப்பு வைக்கவேண்டும், அதிகாரி கையெழுத்திடவேண்டும், டைப்பிஸ்ட் கார்பன் வைத்து அடிக்கவேண்டும், தபால் பிரிவில் எண் போடவேண்டும். வேண்டாத பதிலையெல்லாம் அந்தச் சிரமமே பாதி வழியில் கொன்றுவிடும். இன்றைக்குக் குறுக்கே நிற்பது ஒரு கட்டைவிரல்தான், அதுவும் அவருடையது.

'நோட்டட்' போடட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் லிஃப்ட் கதையைக் கேளுங்கள்.

சர்வீஸ் பார்க்க வந்த ஆள், கயிற்றில் இழைகள் அறுந்திருக்கின்றன, கயிறு மாற்றவேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்தார். செக்ரட்டரி மேடம் கம்பெனிக்கு மெயில் எழுதினார். கமிட்டிக்கு சிசி. அதில் ஒரே ஒரு கேள்விதான்: கயிறு ஓடும் புல்லியின் பள்ளம் தேய்ந்திருக்கிறதா, அதைப் பார்த்தீர்களா? நல்ல கேள்வி. தேய்ந்த பள்ளத்தில் புதுக் கயிற்றைப் போட்டால் அதுவும் சீக்கிரமே தேய்ந்துவிடும், போட்ட பணம் போச்சு. கம்பெனிக்காரர் பதில் எழுதுவதற்கு முன்னால் சார் புகுந்தார். "ரேட் அதிகம். பத்து பர்சென்ட் குறைத்தால் பார்க்கலாம்."

கம்பெனிக்குக் கொண்டாட்டம். சங்கடமான கேள்வியை விட்டுவிட்டு சுலபமான கேள்விக்குப் பதில் சொல்லலாமே! "குறைத்துவிட்டோம் சார், ஆர்டரை உறுதி செய்யுங்கள்" என்று எழுதினார்கள். அவர்களைப் பொறுத்தவரை கமிட்டி பேரம் பேசிவிட்டது, அதாவது ஒப்புக்கொண்டுவிட்டது. அடுத்து டிரெஷரர், "இதற்கு யார் அப்ரூவல் கொடுத்தது?" என்றார். நான் கொடுக்கவில்லை, அபிப்பிராயம்தான் சொன்னேன் என்றார் சார். அபிப்பிராயம் யார் கேட்டது என்றார் பிரசிடெண்ட். அப்புறம் மானம், மரியாதை, போன வருஷத்து பெயிண்டிங் கணக்கு எல்லாம் வந்தன. புல்லி வரவில்லை. மாசக்கணக்கில், லிஃப்ட் நின்றுபோகும் நாளெல்லாம் நாலாம் மாடிப் பாட்டி படியேறினார். சார் வீடு கிரவுண்ட் ஃப்ளோர்.

நகல் மட்டும் வந்தவர் வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும் என்பது மரியாதைக்காக அல்ல. யாரிடம் கேட்டோமோ அவரைத் தவிர வேறு யார் பதில் சொன்னாலும், கேட்கப்பட்டவர் தப்பித்துக்கொள்வார். ஒருநாள் பொறுத்தால் அவரே சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் நினைவூட்டவேண்டியது கேள்வி கேட்டவர். சாருக்கு ரேட் உறுத்தியிருந்தால் மேடத்துக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம், அல்லது ஒரு மாடி ஏறிப்போய்ச் சொல்லியிருக்கலாம்.

இந்த வியாதி எங்கள் தெருவோடு நிற்பதில்லை. 1997-ல் மைக்ரோசாஃப்ட் கம்பெனிக்குள்ளேயே ஆயிரக்கணக்கான ஊழியர்களை அடக்கிய ஒரு மெயில் பட்டியலில், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று ஒருவர் எல்லோருக்கும் எழுத, என் பெயரையும் என்று பலர் எழுத, எல்லோருக்கும் பதில் போடாதீர்கள் என்று இன்னும் பலர் எல்லோருக்கும் எழுத, மெயில் சர்வர்கள் திணறிவிட்டன. 2020-ல் அதே கம்பெனி இதற்கு ஒரு தடுப்பு வைத்தது: ஐயாயிரம் பேருக்கு மேல் போகும் மெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பத்து ரிப்ளை ஆல் விழுந்தால், அடுத்த நாலு மணி நேரம் வாய்ப்பூட்டு. எங்கள் அசோசியேஷனில் ஐயாயிரம் பேர் இல்லை என்பது எங்கள் துரதிர்ஷ்டம்.

பிசிசி சமாசாரம் தனிச் சோகம். காண்டிராக்டருக்கு எழுதிய கடுமையான மெயிலை, சும்மா பார்த்து வைத்துக்கொள்ளட்டும் என்று சாருக்கு மறைவாக அனுப்பினார் பிரசிடெண்ட். "என்னையும் லூப்பில் வைத்ததற்கு நன்றி" என்று சார் எல்லோருக்கும் பதில் போட்டார், காண்டிராக்டர் உள்பட.

இதையெல்லாம்கூட சிரித்துவிட்டுப் போய்விடலாம் சார். ஆனால் உங்கள் பெயரைக் குறிப்பிட்டு, ஜெனரேட்டர் வாரண்டி கார்டு உங்களிடம்தானே இருக்கிறது, அனுப்பமுடியுமா என்று மேடம் கேட்டாரே, அதற்கு ஏன் பதில் இல்லை? வெள்ளிக்கிழமைக்குள் ஆட்சேபணை வராவிட்டால் பார்க்கிங் மாற்றம் அமலுக்கு வரும் என்றபோது பேசாமல் இருந்துவிட்டு, சனிக்கிழமை காலை வாட்ச்மேனிடம் ஏன் சண்டை? பெயர் சிசியில் இருந்தாலும் அந்த இரண்டு மெயிலும் உங்களுக்கு வந்தவைதான். மெயிலுக்குள்ளே நம் பெயர் இருக்கிறதா, நாம் சும்மா இருந்தால் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வார்களா என்று பார்க்க முழுசாகப் படிக்கவேண்டும். 'நோட்டட்' போட படிக்கவேண்டியதில்லை, அதுதான் அதிலுள்ள சௌகரியம்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் பாவம். கடைசியில் புல்லியும் சேர்த்து மாற்ற ஒரு செவ்வாய்க்கிழமை குறித்து, லிஃப்ட் அன்று முழுக்க ஓடாது என்று மெயில் வந்தது. சார் ரிப்ளை ஆல் போடவில்லை. மேடத்துக்கு மட்டும் இரண்டு வரி: "செவ்வாய்க்கிழமை நாலாம் மாடி அம்மாவுக்கு டயாலிசிஸ். புதன் வைக்கலாமா?" அது அவரைத் தவிர கமிட்டியில் யாருக்கும் தெரியாது. சாயங்காலங்களில் பாட்டி வீட்டில் காப்பி குடிப்பவர் அவர் ஒருவர்தான். மேடம் தேதியை மாற்றினார். காரணம் வெளியே தெரியவேண்டியதில்லை என்று அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. இந்த மனிதரிடமா இத்தனை நாள் எரிச்சல்பட்டோம் என்று எனக்கே கூச்சமாகிவிட்டது.

மறுநாள் காலை, கோல்ஸ் பார்க்கில் இரண்டாவது சுற்று நேரம் இருக்கும், எல்லா வீட்டுக்கும் மெயில் வந்தது. "செக்ரட்டரிக்கு நான் நேற்றுத் தனியாக எழுதியது கீழே இணைக்கப்பட்டுள்ளது. அனைவரின் தகவலுக்காக."

மூன்றாம் மாடிக்காரர் உடனே 'நோட்டட்' போட்டார்.